சாயம் போட்டு ஸ்கேன் எடுத்தால் பால் நிறுத்தணுமா?

"பிள்ளைக்கு நாலு மாசம், தாய்ப்பால் மட்டும்தான். வியாழக்கிழமை எனக்கு வயித்துல சிடி ஸ்கேன், ஊசியில சாயம் போடுவாங்களாம். ஒரு நாள் பால் கொடுக்கக் கூடாதுன்னு ஃபாரத்துல போட்டிருக்கு. நிறுத்தணுமா?" – அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய்.

வேண்டாம்மா, நிறுத்த வேண்டாம். ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் பிள்ளை அழுதால் அங்கேயே உட்கார்ந்து கொடுக்கலாம்.

உங்களுக்கு 80 மில்லி சாயம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுக்கப் பாலில் இறங்குவது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, அதாவது 0.8 மில்லிக்கும் குறைவு. அதைக் குடித்தாலும் பிள்ளையின் குடல் அதை உறிஞ்சாது, மறுபடியும் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும், மீதி மலத்தோடு போய்விடும். கடைசியில் மிஞ்சுவது ஒரு சொட்டில் ஆறில் ஒரு பங்குகூட வராது. உங்கள் பிள்ளை ஆறு கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கே சிடி எடுக்க வேண்டியிருந்தால் நாங்கள் சுமார் 12 மில்லி நேராக நரம்பில் ஏற்றுவோம். எம்ஆர்ஐ சாயம் இதைவிடக் குறைவாகத்தான் பாலில் வரும். பால் ருசி கொஞ்சம் மாறலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஃபாரத்தில் ஏன் இருக்கிறது? மருந்துக் கம்பெனியின் பழைய சீட்டில் இருந்த வரியை யாரோ எடுத்துப் போட்டார்கள், அதையே வருஷக்கணக்காக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றச் சொல்லி நான் எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று, யாரும் மாற்றுவதில்லை. இந்த ஒரு வரியால் போன மாதம் ஒரு பெண் 24 மணி நேரம் பீய்ச்சாமல் இருந்து, மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சலோடு வந்தாள். பிள்ளை பாட்டிலுக்குப் பழகிவிட்டது.

இன்னொன்றிலும் கவனமாக இருங்கள். "ஒரு நாளைக்குத்தானே, இந்த டின் வாங்கிக் கொடுங்க" என்று பவுடர் பாலைக் கையில் திணிக்க ஸ்கேன் சென்டர் வாசலிலேயே ஆள் இருப்பான். வாங்காதீர்கள். பால் பவுடரை இப்படி விளம்பரம் செய்து தள்ளுவது 1992-ல் கொண்டுவந்த சட்டப்படி குற்றம்.

ஆனால் ஒரு ஸ்கேன் மட்டும் வேறு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தைராய்டுக்கு எடுக்கும் அணு ஸ்கேனிலும் "அயோடின்" என்ற பேர் வரும். சிடி சாயத்து அயோடினுக்குக் கதிர்வீச்சு கிடையாது. அங்கே கொடுக்கும் அயோடின்-131 கதிர்வீச்சு உள்ளது, பாலில் இறங்கிப் பிள்ளையின் தைராய்டிலேயே போய் உட்காரும். அதை எடுத்தால் இந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை முழுசாக நிறுத்தியே ஆக வேண்டும், ஒரு நாள் இரண்டு நாள் கணக்கு இல்லை. அதனால் சீட்டில் "நியூக்ளியர்" என்றோ "ஐ-131" என்றோ இருந்தால், மருந்தை வாங்குவதற்கு முன்பே பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள். அணு ஸ்கேனில் வேறு மருந்தென்றால் சில மணி நேரம் நிறுத்தினால் போதுமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

உங்களுடையது சிடி. வியாழக்கிழமை உள்ளே போவதற்குச் சற்று முன்னால் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, பிள்ளையை ஆச்சியிடம் வெளியே விட்டுவிட்டுப் போங்கள். ஊசிக்கு அப்புறம் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள், அப்போதே கொடுக்கலாம்.