ப்ரீ-லாஞ்ச் புக்கிங்: அனுமதி வருமுன் பணம் கட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

“இன்னும் திட்டத்தை அறிவிக்கவில்லை, உங்களுக்காக மட்டும் இந்த விலை” என்கிறார்கள். சதுர அடிக்கு 1,000 ரூபாய் குறைத்துக் கொடுப்பதில் பில்டருக்கு என்ன லாபம்?

அவருக்கு அது மலிவான கடன். வீட்டுத் திட்டத்துக்காகவே என்றாலும், தனியார் பில்டர் நிலம் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. வெளியில் வாங்கினால் வட்டி கடுமையாக இருக்கும். அதனால் நிலத்துக்கு முன்பணம், திட்ட அனுமதிக் கட்டணம், வரைபடச் செலவு எல்லாவற்றுக்கும் வாங்குபவரின் பணமே கைகொடுக்கிறது. உங்களுக்குத் தரும் தள்ளுபடிதான் அந்தக் கடனுக்கான வட்டி. வங்கி என்றால் அடமானம் கேட்கும். நீங்கள் கேட்பது ஒரு ரசீது மட்டும்.

சலுகையின் உண்மையான அளவையும் பார்த்துவிடலாம். 1,200 சதுர அடி வீடு, ப்ரீ-லாஞ்ச் விலை 6,000, அறிவிப்புக்குப் பின் 7,000 என்று வைத்துக்கொள்வோம். 72 லட்சம், 84 லட்சம். வித்தியாசம் 12 லட்சம். ஆனால் அறிவித்த பிறகும் யாரும் பட்டியல் விலைக்கு வாங்குவதில்லை. பேரம் பேசி 6,600-க்கு முடிந்தால் வித்தியாசம் 7.2 லட்சமாகிவிடும். முன்கூட்டியே 30 சதவீதம், அதாவது 21.6 லட்சம் கேட்கிறார்கள். அனுமதி வர 18 மாதம் ஆனால், ஆண்டுக்கு 8 சதவீதம் என்று கணக்கிட்டாலும் அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய 2.6 லட்சம் வட்டி போய்விடும். மிஞ்சுவது 4.6 லட்சம். இப்படி ஐந்து திட்டங்களில் போட்டு ஐந்திலும் ஜெயித்தால் 23 லட்சம் கிடைக்கும். ஒன்றில் தோற்றால் 21.6 லட்சம் போகும்.

“இது புக்கிங் இல்லை சார், விருப்பக் கடிதம்தான், எப்போது வேண்டுமானாலும் பணம் திரும்பக் கிடைக்கும்” என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். சட்டப்படி இது சரியா?

பெயரை மாற்றினால் பொருள் மாறாது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, பிரிவு 3-ல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ, புக்கிங் வாங்கவோ, விற்கவோ, வாங்க வரும்படி எந்த வகையிலும் அழைக்கவோ கூடாது. விருப்பக் கடிதம், டோக்கன், முன்னுரிமை எண், வாட்ஸப்பில் சுற்றும் விலைப்பட்டியல் எல்லாமே அந்த ‘எந்த வகையிலும்’ என்பதற்குள் வரும். மீறினால் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். அதற்குப் பிறகும் தொடர்ந்து மீறினால் 3 ஆண்டு வரை சிறை விதிக்கவும் இடமுண்டு. பதிவாகாத திட்டத்தை விற்றுத் தரும் ஏஜென்டும் தப்ப முடியாது. அவருக்கும் நாள் கணக்கில் அபராதம் உண்டு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாமலோ, எல்லாக் கட்டங்களையும் சேர்த்து 8 வீடுகளுக்கு மேல் போகாமலோ இருந்தால் பதிவு தேவையில்லை. அங்கேயும் திட்ட அனுமதி கட்டாயம்.

பிரிவு 13-ஐயும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அது 7.2 லட்சம். 21.6 லட்சம் கேட்கும்போதே இரண்டாவது மீறல் தொடங்கிவிடுகிறது. மேலும், பதிவான திட்டத்தில் வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே எடுக்க முடியும். பதிவாகாத திட்டத்துக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. உங்கள் பணம் பில்டரின் வேறொரு கட்டடத்தின் கூரைக்குப் போனாலும் கேட்க ஆளில்லை.

அலாட்மென்ட் லெட்டருக்குப் பதிலாக, நிலத்தின் பிரிபடாத பாகத்தையே (யூடிஎஸ்) இப்போது என் பெயருக்குப் பதிவு செய்து தருகிறேன் என்கிறார் பில்டர். பத்திரமே கைக்கு வந்துவிட்டால் பாதுகாப்புதானே?

இந்த வலையில்தான் விவரம் தெரிந்தவர்களே விழுகிறார்கள். கையில் பதிவான பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் பெயர் வருகிறது, பிறகென்ன என்று தோன்றும். அந்தப் பத்திரம் உங்களை நிலத்தின் கூட்டு உரிமையாளர் ஆக்குகிறது. வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

40,000 சதுர அடி நிலம், 80 வீடு என்ற கணக்கில் ஆளுக்கு 500 சதுர அடி பாகம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பிறகு வரைபடம் அனுமதிக்குப் போகிறது. சாலை அகலப்படுத்தவும் திறந்தவெளிக்கும் என்று 4,000 சதுர அடியைத் தானமாக எழுதித் தரச் சொல்கிறார்கள். சாலையின் அகலம் போதவில்லை என்று ஒரு தளம் குறைகிறது. கடைசியில் அனுமதி கிடைப்பது 66 வீட்டுக்கு. பாகம் வாங்கியவர்கள் 80 பேர், வீடு 66. மீதி 14 பேரிடம் நிலம் இருக்கும், வீடு இருக்காது. அந்த நிலத்தையும் யாரும் தனியாக வேலி போட்டு எடுத்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, தானப் பத்திரத்தில் கூட்டு உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலோ, முரண்டு பிடித்தாலோ கோப்பு அங்கேயே நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் பாகத்தோடு சேர்த்துப் பொது அதிகாரப் பத்திரம் ஒன்றிலும் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பிற்பாடு அந்த நிலத்தை அடமானம் வைக்கும் அதிகாரமும் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல மாதிரிகளில் இருக்கும்.

பாகத்தைப் பதிவு செய்வது தவறில்லை. அனுமதி பெற்ற வரைபடத்தில் எத்தனை வீடு என்பது முடிவான பிறகு செய்ய வேண்டிய வேலை அது.

“அப்ரூவல் வந்தாச்சு” என்று ஒரு எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

எந்த அப்ரூவல் என்று முதலில் கேளுங்கள். சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய கட்டடங்களுக்கு சிஎம்டிஏவும், மற்ற இடங்களில் டிடிசிபியும் திட்ட அனுமதி தருகின்றன. பிறகு உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி தரும். இவற்றுக்குப் பின்தான் ரெரா பதிவு. விண்ணப்பம் கொடுத்தவுடன் கிடைக்கும் கோப்பு எண்ணைக் காட்டி “வந்தாச்சு” என்பார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும்.

ரெரா எண் தந்தால் rera.tn.gov.in தளத்தில் நீங்களே தேடுங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். தமிழ்நாட்டில் எண் TN என்று தொடங்கும், கட்டடமா மனைப்பிரிவா என்ற குறியீடும் இடையில் வரும். பக்கம் திறந்ததும் சர்வே எண் உங்களிடம் காட்டிய நிலத்தின் எண்தானா, பதிவு செய்த நிறுவனமும் செக் கேட்கும் நிறுவனமும் ஒன்றா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் பிளாக் அந்தப் பதிவுக்குள் வருகிறதா என்பது. பெரிய வளாகங்களில் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகக் கருதப்பட்டுத் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். முதல் கட்டத்தின் எண்ணைக் காட்டி மூன்றாம் கட்டத்தை விற்பது அடிக்கடி நடக்கிறது. எண் அசல், நிறுவனம் அசல், உங்கள் வீடு மட்டும் அதில் இல்லை.

வங்கியிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் தராது. “இப்போதைக்குச் சொந்தப் பணம் போடுங்கள், லோன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றால் காரணம் இதுதான்.

ஏற்கெனவே 9 லட்சம் கட்டிவிட்டேன். 14 மாதமாகியும் பதிவு வரவில்லை. கேட்டால் “அடுத்த மாதம்” என்கிறார்கள். என்ன செய்வது?

இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பிறகு கையிலுள்ள காகிதத்தைப் படியுங்கள். அதில் வீட்டு எண், பரப்பு, மொத்த விலை இருந்தால், நீங்கள் வீடு ஒதுக்கப்பட்டவர் என்று வாதிட வலு உண்டு. ‘கைமாற்றுக் கடன்’ என்றோ, ‘நில முதலீட்டுப் புரிந்துணர்வு’ என்றோ எழுதியிருந்தால், நீங்கள் வாங்குபவரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்போது விலைப்பட்டியல், வாட்ஸப் உரையாடல், விளம்பரப் படம் ஆகியவைதான் உங்களைக் காப்பாற்றும். போனை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். பணம் வங்கி வழியே போயிருந்தால் கணக்கு அறிக்கை போதும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நிரூபிப்பது உங்கள் பாடு. சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம்.

அடுத்து பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம்: ரெரா எண் என்ன, ஒப்பந்தம் எப்போது, இல்லையென்றால் வட்டியோடு பணம் திருப்பித் தருக. 15 நாள் அவகாசம் போதும். பதில் வராவிட்டால் தமிழ்நாடு ரெராவில் ‘படிவம் எம்’ மூலம் புகார். பதிவு செய்யாத திட்டம் என்பதால் புகார் தர முடியாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பதிவு செய்திருக்க வேண்டிய திட்டம் என்பதே உங்கள் புகார்.

ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். தாமதத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவு 18, ஒப்பந்தத்தில் எழுதிய தேதியை வைத்தே பேசுகிறது. உங்களிடம் ஒப்பந்தமே இல்லை. அதனால் பிரிவு 3, 13 மீறல்களையும், பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்குத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவு 12-ஐயும் சேர்த்தே புகாரை எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையமும் ஒரு வழிதான், ஆனால் அங்கே 2 ஆண்டுக் கெடு உண்டு. ‘அடுத்த மாதம்’ என்பதைக் கேட்டுக்கொண்டே அதைத் தாண்டிவிடாதீர்கள். நிலமே அவர்கள் பெயரில் இல்லை என்று வில்லங்கச் சான்றில் தெரிந்தால், காவல்துறையில் மோசடிப் புகாரும் சேர வேண்டும்.

இரண்டு ஆண்டில் ஒன்றரை மடங்குக்கு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதித் தருகிறார்கள். இதை நம்பலாமா?

எழுதித் தருவதே உங்களுக்கு எதிராகத் திரும்பும். திவால் சட்டத்தில் வீடு வாங்கியவர்களை நிதிக் கடன் கொடுத்தவர்களாகக் கருதுகிறார்கள். ஆனால் குடியிருக்க அல்லாமல், உறுதியளித்த லாபத்துக்காகத் திரும்ப வாங்கும் ஒப்பந்தத்தோடு பணம் போட்டவர்கள் ஊக முதலீட்டாளர்கள் என்றும், அவர்கள் நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்கு இழுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அந்த உறுதிமொழிக் காகிதத்தை நீட்டினால், நீங்கள் வீடு வாங்க வந்தவர் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.