ஸ்டாக்கில் மிச்சமான பட்டைகளுக்கு யார் கணக்குத் தீர்ப்பது?

கேள்வி: ஹிஸ்டோகிராமில் மிகப் பெரிய செவ்வகத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாக் வைத்து நிரல் எழுதினேன். மாதிரிக்குக் கொடுத்த [2, 1, 5, 6, 2, 3]-க்கு 10 என்று சரியாக வருகிறது. ஆனால் சமர்ப்பித்தால் விடை தவறு என்கிறது. [2, 4] கொடுத்துப் பார்த்தேன், 0 வருகிறது. எங்கே தப்பு?

பதில்: லூப்புக்குள் தப்பு இல்லை, லூப் முடிந்த பிறகுதான் இருக்கிறது. கடைசிப் பட்டையைப் பார்த்ததும் நிரலை நிறுத்திவிட்டீர்கள். ஸ்டாக்கில் இருப்பவை அப்படியே கிடக்கின்றன.

இந்த முறையில் ஒரு பட்டைக்கு எப்போது பரப்பு கணக்காகிறது என்று பாருங்கள். ஸ்டாக்கில் ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். தன்னைவிடக் குட்டையான பட்டை வலப்பக்கம் வந்தால்தான் ஒரு பட்டை இறங்கும், ஏனென்றால் அதற்கு மேல் அதன் உயரத்தில் செவ்வகம் நீள முடியாது. [2, 4]-இல் முதலில் 2 ஏறுகிறது, பிறகு 4 ஏறுகிறது. இரண்டையும் இறக்கக் குட்டையாக எதுவும் வரவில்லை. ஒரு பெருக்கல்கூட நடக்காததால் விடை 0 ஆகவே நிற்கிறது.

அப்படியானால் மாதிரி எப்படித் தேறியது? அதில் 6, 5 இரண்டையும் அடுத்து வரும் 2 இறக்கிவிடுகிறது. 5-இன் அகலம் 2, பரப்பு 10. அதுவே விடையாகவும் இருந்துவிட்டது. கடைசியில் ஸ்டாக்கில் மிச்சமிருப்பவை 1, 2, 3 உயரமுள்ள பட்டைகள். அவற்றின் பரப்புகள் முறையே 6, 8, 3. மூன்றுமே 10-ஐ எட்டவில்லை, அதனால் நீங்கள் விட்டது தெரியவில்லை. அதே மாதிரியில் கடைசி இரண்டு பட்டைகளை வெட்டி [2, 1, 5, 6] என்று கொடுங்கள். சரியான விடை அப்போதும் 10தான், உங்கள் நிரலோ 2 என்று சொல்லும். இந்தத் தப்பைப் பிடிக்காத மாதிரியையே திரும்பத் திரும்ப எல்லாரும் போடுகிறார்கள். சமர்ப்பிக்கிற தளமும் 'தவறு' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. எந்த உள்ளீட்டில் விழுந்தது என்று காட்டினால் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே வராது.

தீர்வு சிறியது. வரிசை முடிந்த இடத்தில், அதாவது `n`-ஆவது இடத்தில், உயரம் 0 உள்ள ஒரு பட்டை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரமுள்ள எல்லாப் பட்டைகளையும்விட அது குட்டை என்பதால் ஸ்டாக்கில் இருப்பவை ஒவ்வொன்றாக இறங்கிக் கணக்குத் தீர்ந்துவிடும்.

```python
def largest(h):
    n = len(h)
    st, best = [], 0
    for i in range(n + 1):
        cur = 0 if i == n else h[i]
        while st and h[st[-1]] > cur:
            top = st.pop()
            left = st[-1] if st else -1
            best = max(best, h[top] * (i - left - 1))
        st.append(i)
    return best
```

ஸ்டாக்கில் உயரத்தைப் போடவில்லை, இடத்தின் எண்ணைப் போடுகிறோம். எண் இருந்தால் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம், உயரம் மட்டும் இருந்தால் அகலம் கிடைக்காது.

இதை லூப்புக்கு வெளியே தனி `while` ஆக எழுதுகிறவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம், ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது. `for i in range(n)` முடிந்ததும் `i`-இன் மதிப்பு `n` அல்ல, `n - 1`. அந்த `i`-யை வைத்தே அகலம் கணக்கிட்டால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒன்று குறையும். [2, 4]-இல் 4-இன் அகலம் 0 ஆகும், 2-இன் அகலம் 1 ஆகும், விடை 2 என்று வரும். சரியான விடை 4. வெளியே எழுதினால் வலது எல்லைக்கு `n` என்றே எழுதுங்கள்.

அடுத்தது இடது எல்லை. இறங்கிய பட்டையின் இடத்திலிருந்தே அகலத்தை அளந்து `i - top` என்று எழுதுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. [2, 1, 2] கொடுத்துப் பாருங்கள். நடுவில் உள்ள 1, தனக்கு இடப்பக்கம் நின்ற 2-ஐ ஏற்கெனவே இறக்கிவிட்டது. ஆகவே உயரம் 1-இல் செவ்வகம் இடது ஓரம்வரை போகலாம், அகலம் 3. `i - top` என்றால் 3 - 1 = 2 தான் கிடைக்கும், விடை 3-க்குப் பதில் 2 ஆகும். இறக்கியபின் ஸ்டாக்கின் உச்சியில் இருப்பதுதான் இடது சுவர். ஸ்டாக் காலியானால் சுவர் -1.

தயார் நிரல்களை விற்கிறவர்கள் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். `heights.append(0)` என்று ஒரே வரி போட்டு, ஏன் என்று சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அந்த வரி உங்கள் நகலில் சேர்ப்பதில்லை, அழைத்தவரின் பட்டியலிலேயே ஒரு 0-வை ஒட்டிவிடுகிறது. ஒரு தடவை அழைத்தால் ஒன்றும் தெரியாது. 0-வும் 1-உம் உள்ள கட்டங்களில் பெரிய செவ்வகம் தேடும்போது வரிசைக்கு ஒரு தடவை இதே ஃபங்ஷனை அழைப்பீர்கள், உயரப் பட்டியலோ ஒன்றுதான். இரண்டாவது வரிசையில் அது ஓர் இடம் நீண்டிருக்கும். `len(heights)` வரை லூப் போட்டுக் கட்டத்தைப் படித்தால் `IndexError`. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முடிந்ததும் `heights.pop()` போட்டுக் கழற்றிவிடுங்கள். மேலே உள்ள `cur` வழியில் இந்தத் தொல்லை இல்லை.

சம உயரம் வந்தால் `>` போடுவதா `>=` போடுவதா என்றுதான் அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் அங்கே குழம்புவார்கள். [2, 2, 2]-ஐ எடுத்துக்கொள்வோம். `>` போட்டால் மூன்றும் ஸ்டாக்கில் நிற்கும், கடைசியில் 0 வந்து இறக்கும். வலதோரப் பட்டையின் அகலம் 1, நடுவில் உள்ளதன் அகலம் 2, முதல் பட்டையின் அகலம் 3 என்று வரும். `>=` போட்டால் தலைகீழ்: இரண்டாவது வந்ததும் முதல் பட்டை அகலம் 1-உடன் இறங்கும், மூன்றாவது வந்ததும் இரண்டாவது அகலம் 2-உடன் இறங்கும், மூன்றாவதுக்குத்தான் முழு அகலம் 3 கிடைக்கும். இரண்டிலுமே சில பட்டைகளுக்குக் குறைவான அகலம் போடப்படுகிறது, அது உண்மைதான். ஆனால் அந்தச் சம உயரக் கூட்டத்தில் ஒன்றுக்காவது முழு அகலம் கிடைத்துவிடும், நமக்கு வேண்டியதோ பெரியது மட்டும். ஆகவே விடை இரண்டிலும் 6.

'ஒவ்வொரு பட்டைக்கும் அதன் உயரத்தில் எவ்வளவு அகலம் போகலாம், தனித்தனியாகச் சொல்' என்று கேட்டால்தான் இது உதைக்கும். அப்போது இறங்கும் நேரத்தில் கிடைத்த அகலத்தை அப்படியே எழுதிவைத்தால் தப்பான எண்கள் வரும். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை தனித்தனியாக நடந்து, இரு நடையிலும் `>=` போட்டு, சமமாக இல்லாமல் தன்னைவிடக் குட்டையான பட்டையைச் சுவராக எடுக்க வேண்டும். பெரிய செவ்வகம் மட்டும் வேண்டுமென்றால் இந்த வேலை தேவையில்லை.

திருத்தியதும் [1, 2, 3, 4, 5] கொடுங்கள், 9 வர வேண்டும். 0 வந்தால் கடைசியில் இறக்கும் வேலை நடக்கவே இல்லை. 6 வந்தால் வலது எல்லையில் `n`-க்குப் பதில் `n - 1` நிற்கிறது. 5 வந்தால் கடைசி வேலையில் `while`-க்குப் பதில் `if` போட்டு ஒரே ஒரு பட்டையை மட்டும் இறக்கியிருக்கிறீர்கள்.