டிக் போடாமல் விலையை எழுதச் சொல்லுங்கள்

"சனிக்கிழமை எங்கள் பங்குச்சந்தை சார்ட் குழுவில் புதியவர்களுக்கு, பங்கு வாங்கும் முன் பார்க்கிற செக்லிஸ்ட் பற்றி நான்தான் பேச வேண்டும். பழைய லிஸ்ட்டில் பன்னிரண்டு கேள்வி, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறார்கள். என்ன செய்ய?"

பன்னிரண்டை மூன்றாக்குங்கள் அண்ணே. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியே வேண்டாம், 'ட்ரெண்ட் நல்லா இருக்கா' என்று கேட்டால் வாங்கத் துடிப்பவன் ஆமாம் என்றுதான் சொல்வான். எந்த விலை உடைந்தால் என் கணிப்பு தப்பு, மேலே விலை ஏற முடியாமல் திரும்புகிற அடுத்த தடை எங்கே, எத்தனை பங்கு, இந்த மூன்றுக்கும் எண் எழுத வேண்டும், அதுவும் ஆர்டர் திரையைத் திறப்பதற்கு முன்.

ஒரு கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டுங்கள். பங்கு 2.50 வெள்ளி, விலை இறங்கினாலும் தாங்கி நிற்கிற சப்போர்ட் 2.40, அது உடைந்தால் விற்று வெளியேறுகிற ஸ்டாப் 2.38, அதாவது பங்குக்கு 12 காசு நட்டம். கணக்கில் 10,000 வெள்ளி, ஒரு தடவைக்கு ஒரு சதவீதம் என்றால் 100 வெள்ளிதான் இழக்கலாம். 100-ஐ 0.12-ஆல் வகுத்தால் 833. சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையான எஸ்ஜிஎக்ஸில் இந்த விலைப் பங்குக்கு ஒரு லாட் 100 பங்கு, ஆக 800 என்று எழுதிவிடுவார்கள், ஆனால் வாங்க 10, விற்க 10 என்று கமிஷன் போனால் மிச்சம் 80 வெள்ளிதான், அப்போது 600 பங்கு. சின்னக் கணக்குக்காரர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம் தடை 2.60-இல் இருக்கிறது என்று சொல்லுங்கள். பத்துக் காசு லாபத்துக்குப் பன்னிரண்டு காசு ஆபத்து, வாங்கக் கூடாது. உடனே யாராவது ஸ்டாப்பை 2.45-க்கு ஏற்றலாமே என்பார். சப்போர்ட்டுக்கு மேலேயே ஸ்டாப் வைத்தால் சாதாரண ஆட்டத்திலேயே அடிபட்டுவிடும், அதையும் சார்ட்டில் காட்டிவிடுங்கள்.