மையக் கோணத் தேற்றத்தில் மூன்று நிலைகள்தான் என்று எப்படித் தெரியும்?

கேள்வி: மையக் கோணம் பரிதிக் கோணத்தைப் போல் இரு மடங்கு என்பதை நிரூபிக்க மூன்று நிலைகள் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு புத்தகத்தில் இருக்கும் மூன்று வேறு, இன்னொன்றில் இருக்கும் மூன்று வேறு. நாலாவதாக ஒன்று விட்டுப்போகவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

பதில்:

படங்களை வரைந்து பார்த்து உறுதி செய்ய முடியாது. எத்தனை படம் வரைந்தாலும் வரையாத படம் ஒன்று இருக்கலாம். செய்ய வேண்டியது வேறு: நிரூபணத்தின் எந்த வரி படத்துக்குப் படம் மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள். நிலைகளை அந்த வரியை வைத்துப் பிரியுங்கள். நீங்கள் பார்த்த இரண்டு புத்தகங்களும் வேறுபடுவது இந்த இடத்தில்தான். அதில் ஒரு பிரிப்பு உண்மையிலேயே ஓட்டை.

முதலில் மாறாத பகுதியைப் பார்ப்போம். O வட்ட மையம். A, P, Q பரிதியில் மூன்று வெவ்வேறு புள்ளிகள். AO-வை நீட்டினால் வட்டத்தின் மறுபக்கம் B-யில் வெட்டுகிறது, AB விட்டம். முக்கோணம் OAP-யில் OA, OP இரண்டும் ஆரம், ஆகவே அது இருசமபக்க முக்கோணம். O-வில் இருக்கும் வெளிக்கோணம் ∠BOP, உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதல். அவை இரண்டும் சமம் என்பதால் ∠BOP = 2∠BAP. Q-வுக்கும் இதேபோல ∠BOQ = 2∠BAQ.

இதுவரை தகராறு இல்லை. அடுத்த வரியில்தான் படம் உள்ளே நுழைகிறது. பல புத்தகங்கள் இங்கே இரண்டையும் கூட்டி, ∠BOP + ∠BOQ = 2(∠BAP + ∠BAQ), ஆகவே ∠POQ = 2∠PAQ என்று முடிக்கின்றன. அப்படிக் கூட்டினால் ∠PAQ கிடைக்க வேண்டுமென்றால் AB என்ற கோடு AP-க்கும் AQ-க்கும் நடுவே போக வேண்டும். போகிறதா?

எண்ணை வைத்தே பார்க்கலாம். கடிகார முகம் மாதிரி, மையத்திலிருந்து B இருக்கும் திசையை 0° என்று வைத்துக்கொள்ளுங்கள். A நேர் எதிரே 180°-யில் இருக்கும். P-யை 40°-யிலும், Q-வை அதே பக்கத்தில் 100°-யிலும் வையுங்கள். ∠POQ = 60°. ∠BAP = 20°, ∠BAQ = 50°. இரண்டையும் கூட்டினால் 70°. ஆனால் ∠PAQ என்பது 30° தான். தேற்றம் சரியாகவே இருக்கிறது, 60 என்பது 30-இன் இரு மடங்கு. நிரூபணம்தான் இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை. இங்கே கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும்.

இப்போது அந்த ஓட்டையான பிரிப்புக்கு வருகிறேன். வில் PQ சிறிய வில், அரைவட்டம், பெரிய வில் என்று மூன்று நிலைகள் போடுவது வழக்கம். பட்டியல் என்ற அளவில் இதில் குறையே இல்லை: எந்த வில்லும் 180°-க்குக் குறைவு, சமம், அதிகம் என்ற மூன்றில் ஒன்றுதான். ஆனால் நிரூபணத்துக்குத் தேவையான கேள்வி வில்லின் அளவு அல்ல. AB நடுவே போகிறதா இல்லையா என்பதுதான். மேலே எடுத்த உதாரணத்தில் வில் வெறும் 60°, அதாவது "சிறிய வில்" நிலையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலைக்கு வரைந்த படத்திலோ A எப்போதும் வில்லுக்கு நேர் எதிரே, நடுவில் இருக்கும். அதனால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. பட்டியல் முழுமை, நிரூபணம் அரைகுறை. மாணவர்கள் மட்டுமல்ல, பாடம் எழுதுபவர்களும் இதில் விழுவதற்குக் காரணம், தவறான கேள்விக்குச் சரியான முழுப் பட்டியல் போட்டுவிட்ட நிம்மதி.

விட்டுப்போன பகுதி ஏதோ ஓரத்தில் கிடக்கும் விசித்திரமான படம் என்றும் நினைக்க வேண்டாம். A-யை நிலைநிறுத்திவிட்டு P, Q இரண்டையும் பரிதியில் எங்காவது, கண்ணை மூடிக்கொண்டு வைத்தால், விட்டம் AB-யின் ஒரே பக்கத்தில் இரண்டும் விழ வாய்ப்பு சரிபாதி. அதாவது படங்களில் பாதி விட்டுப்போகிறது.

சரியான பிரிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். கேள்வி, AB-யைப் பொறுத்து P எங்கே என்பது. மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம், கோட்டின் மேலேயே இருக்கலாம். கோட்டில் இருந்தால் அது B தான், ஏனென்றால் வட்டத்தையும் AB-யையும் சேர்ந்த புள்ளிகள் A, B மட்டும். P, A ஆக முடியாது. Q-வுக்கும் இதே மூன்று. ஆக 3 × 3 = 9 கட்டங்கள். இதற்கு வெளியே எதுவும் போக முடியாது, ஏனென்றால் ஒரு கோடு தளத்தை இப்படித்தான் பிரிக்கிறது. நீங்கள் கேட்ட உறுதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை.

ஒன்பதில் ஒரு கட்டம் காலி: இரண்டும் கோட்டில் இருந்தால் P, Q இரண்டும் B ஆகிவிடும், அவை வெவ்வேறு புள்ளிகள் என்று எடுத்திருக்கிறோம். மீதி எட்டு. எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கட்டம், ஒரே பக்கம் இரண்டு கட்டம், ஒன்று மட்டும் கோட்டில் நான்கு கட்டம். P, Q பெயர்களை மாற்றிக்கொண்டாலும், படத்தை AB-யில் மடித்துத் திருப்பினாலும் கோண அளவுகள் மாறுவதில்லை. அதனால் எட்டும் மூன்றாகச் சுருங்குகின்றன. "பொதுமை கெடாமல்" என்று எழுதுவதற்கு இங்கே இதுதான் பொருள்: எந்த மாற்றம் செய்தால் ஒரு கட்டம் இன்னொன்றாகிறது என்று கைகாட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அந்தச் சொல்லைப் போட்டால் நிலை விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

மூன்றையும் முடித்துவிடலாம். எதிரெதிர்ப் பக்கம் என்றால் கூட்டல். ஒரே பக்கம் என்றால் கழித்தல்; பெரிய கோணம் எதுவோ அதற்கு Q என்று பெயர் வைத்துக்கொண்டால் ∠POQ = ∠BOQ − ∠BOP = 2(∠BAQ − ∠BAP) = 2∠PAQ. P கோட்டில் இருந்தால், அதாவது P = B என்றால், OAP என்ற முக்கோணமே கிடையாது; A, O, P ஒரே கோட்டில் இருக்கின்றன. P-க்கு எழுதிய வரியைப் பயன்படுத்த முடியாது, ஆனால் தேவையும் இல்லை: ∠POQ = ∠BOQ = 2∠BAQ = 2∠PAQ. தற்செயலாக இப்படி ஒரு படம் அமைய வாய்ப்பே கிட்டத்தட்ட இல்லை என்றாலும் இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். "குறைவு, அதிகம்" என்று இரண்டை எழுதிச் சமத்தை மறப்பது இந்த வகை நிரூபணத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அப்படியானால் சிறிய வில், பெரிய வில் என்ற பேச்சே வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்காக. P 120°-யிலும், Q மறுபக்கத்தில் 110°-யிலும் இருந்தால், A இல்லாத வில் 230°. பரிதிக் கோணம் 60 + 55 = 115°. இங்கே ∠POQ என்று 130°-யை எடுத்தால் தேற்றமே பொய்யாகும்; 230° என்ற பின்வளை கோணத்தை எடுக்க வேண்டும். வில்லின் அளவு "எந்தக் கோணத்தைச் சொல்கிறோம்" என்பதைத் தீர்மானிக்கிறது, "கூட்டவா கழிக்கவா" என்பதை அல்ல. இரண்டு பிரிப்பையும் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஒரே பக்க நிலையிலும், P = B நிலையிலும் வில் எப்போதும் 180°-க்குக் குறைவுதான். எதிரெதிர்ப் பக்க நிலையில் மட்டுமே மூன்று அளவும் வரும். ஆக மூன்றுக்கு மூன்று கட்டங்களில் ஐந்துதான் நிரம்பும். வில்லை வைத்து மூன்று படம் போட்ட புத்தகம், அந்த ஐந்தில் எதிரெதிர்ப் பக்கத்து மூன்றை மட்டும் வரைந்திருக்கிறது. உங்கள் இரண்டு புத்தகங்களின் "மூன்று" ஒத்துப்போகாததன் கணக்கு இதுதான்.

நிலைகளே இல்லாமலும் இதை எழுதலாம். AB-க்கு மேலே கோணங்களை நேர்மம், கீழே எதிர்மம் என்று குறியுடன் எடுத்தால், P கோட்டில் இருக்கும்போது 0, கூட்டலும் கழித்தலும் ஒரே கழித்தலாகிவிடும். மூன்று நிலையும் ஒரு வரி. ஆனால் குறியுடன் எடுத்தாலும் ∠BOP = 2∠BAP என்பது மேலே, கீழே, கோட்டில் என்ற மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்தாக வேண்டும். நிலைகள் காணாமல் போவதில்லை, P-க்கு மட்டும் என்று சிறிதாகின்றன.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்: பட்டியல் முழுமையா என்பது ஒரு கூற்று, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வாதம் சரியா என்பது வேறு கூற்று. எந்த வரைபடத்திலும் அண்டை நாடுகள் வெவ்வேறு நிறம் பெற நான்கு நிறங்கள் போதும் என்பது நான்கு நிறத் தேற்றம். அதற்கு 1879-இல் கெம்ப் கொடுத்த நிரூபணத்தில், ஐந்து அண்டை நாடுகளுக்கு மேல் இல்லாத ஒரு நாடு வரைபடத்தில் கட்டாயம் இருக்கும் என்ற பட்டியல் சரியாகவே இருந்தது. தவறு ஐந்து அண்டை நாடுகள் உள்ள கட்டத்துக்குள்: இரண்டு நிறமாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யலாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒன்று மற்றதைக் கெடுக்கும் வரைபடம் உண்டு என்று ஹீவுட் 1890-இல் காட்டும்வரை அது நிரூபணமாகவே நின்றது. 1976-இல் அப்பெலும் ஹாக்கெனும் கணினி உதவியோடு முடித்தபோது இந்த இரண்டு கூற்றுகளும் தனித்தனி வேலைகளாகவே இருந்தன.

விடைத்தாளில் நிலை (i) என்று தொடங்குவதற்கு முன் இந்த இரண்டு வரியை எழுதிவிடுங்கள்: "P, Q வெவ்வேறு புள்ளிகள், எனவே அவை AB-யின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும், அல்லது ஒரே பக்கத்தில் இருக்கும், அல்லது அவற்றுள் ஒன்று மட்டும் AB-யின் மீது, அதாவது B-யில் இருக்கும். ஒன்று B-யில் இருந்தால் அதை P என்க." அதன் பிறகு மூன்று படம் வரையுங்கள், ஒரே பக்கப் படத்தில் மையம் கோணத்துக்கு வெளியே தெளிவாகத் தெரியும்படி A-யை நன்றாக ஓரமாகத் தள்ளி வரையுங்கள்.