பேப்பரில் வலது, பம்பரில் இடது

கேள்வி: வாடகைக்குக் கார் எடுக்கக்குள்ள படம் ஒண்டும் எடுக்கல்ல. பேப்பரை வாசிக்காமலே கையொப்பம் வெச்சிட்டன். இப்ப கதவுல கீறல் எண்டு 20,000 கேக்காங்க. நான் போட்ட கீறல் இல்ல. என்ன செய்யலாம்?
— அக்கரைப்பற்று

பதில்: "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய, தம்பி? ஒரே ஒரு வழி மிச்சம் இருக்கிறது. கதவு இரும்புத் தகடு. கீறல் தகடு வரை இறங்கியிருந்தால் கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். லேசான காவி நிறம் மட்டும் போதாது, நம் கடற்காற்றில் அது ஓரிரு நாளிலேயே வந்துவிடும். கீறலின் ஓரத்துப் பெயின்ட் உப்பிப் பொருமியிருந்தாலோ, உள்ளே பழைய பொலிஷ் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தாலோ அது உங்கள் காலத்துக்கு முந்தியது. அதைப் படம் எடுத்துக்கொண்டு பேசுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் கராஜ் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

கேள்வி: திருகோணமலையில் ஒரு கலியாணத்துக்காக மூன்று நாளைக்கு வெள்ளை வேகன் ஆர் எடுத்தோம். டிபொசிட் 50,000. திருப்பிக் கொடுத்தபோது பின் பம்பரின் இடது மூலையில் கீறல் என்று 38,000 பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். நான் எடுக்கும்போதே அந்தக் கீறல் இருந்தது, என் படத்தில் தெரிகிறது. ஆனால் அவர்களின் பேப்பரில் "பின் பம்பர் வலது, கீறல்" என்றுதான் எழுதியிருக்கு. "பேப்பரில் இருக்கிறது வேற கீறல், இது நீங்கள் போட்டது" என்கிறார். படங்களையும் பேப்பரின் கொப்பியையும் அனுப்பியிருக்கிறேன்.
— கல்லடி

பதில்: தங்கச்சி, உங்கள் காசு திரும்பி வரவேண்டிய காசு. நீங்கள் அனுப்பிய எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பேப்பர். காரை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம், அதில் பேனையால் ஒரு புள்ளடி, பக்கத்தில் "வலது". இதை நிரப்பிய பொடியன் எங்கே நின்றிருப்பான் என்று யோசியுங்கள். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால், காரைப் பார்த்தபடி நின்றிருப்பான். அப்படி நின்றால் காரின் இடது பக்கம் அவனுடைய வலது கைப் பக்கம் வரும். அவன் தன் வலதை எழுதிவிட்டான். வாகனத்தின் இடது வலது என்பது உள்ளே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவரின் இடது வலது. இந்தக் குழப்பத்தால்தான் நான் எப்போதும் "டிரைவர் பக்கம்", "பக்கத்து சீட் பக்கம்" என்று எழுதச் சொல்லுவேன். அதை யாரும் மாற்றிப் படிக்க முடியாது.

ஆனால் அவன் எங்கே நின்றான் என்பது நம் ஊகம்தானே, கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். அவருடைய பேச்சை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: பேப்பரில் பதிந்திருக்கிற அந்த வலது பக்கக் கீறல் இப்போது எங்கே? கீறல் எழும்பி நடக்காது. நீங்கள் எடுக்கும்போது வலதில் ஒரு கீறல் இருந்து, பிறகு நீங்கள் இடதில் இன்னொன்று போட்டிருந்தால், இப்போது பம்பரில் இரண்டு இருக்கவேண்டும். நீங்கள் சாவி கொடுக்கும்போது எடுத்த படத்தில் வலது மூலை சுத்தமாக இருக்கிறது. வாகனத்தை எடுத்த காலைப் படத்திலும் அந்த மூலை சுத்தம்தான். ஆகவே பேப்பரில் எழுதிய கீறலும் பம்பரில் இருக்கிற கீறலும் ஒன்றுதான், பக்கம்தான் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து அவர் படத்தில் கை வைப்பார். "போனில் திகதியை மாற்றலாம்" என்பார். மாற்றலாம்தான். நீங்கள் நல்ல வேலை ஒன்று செய்திருக்கிறீர்கள்: கீறலை எடுப்பதற்குச் சற்று முன்னால் மீட்டரையும் படம் எடுத்திருக்கிறீர்கள். அதில் 48,216 கிலோமீற்றர். அவர்களுடைய பேப்பரில், அவர்களுடைய கையெழுத்தில், எடுக்கும்போது மீட்டர் 48,216. திருகோணமலை போய் வந்த பிறகு அந்த எண் மீட்டரில் இருக்காது. மீட்டர் படமும் கீறல் படமும் போனில் அடுத்தடுத்த எண்ணில், ஒரு நிமிஷ இடைவெளியில் இருக்கின்றன. "படம் கண்ணாடி மாதிரித் திரும்பியிருக்கு" என்றும் சொல்லக்கூடும், பக்கத்தைப் பற்றிய வழக்கு என்பதால். அதற்கும் பதில் அதே படத்தில் உண்டு. நம்பர் தகடு கீறலோடு ஒரே படத்தில் விழுந்திருக்கிறது, எழுத்துகள் நேராக வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன.

இனி வாயால் பேசவேண்டாம், எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"வாகனத்தை என்னிடம் ஒப்படைத்தபோது நீங்கள் நிரப்பிய படிவத்தில் பின் பம்பரில் ஒரு கீறல் பதியப்பட்டுள்ளது. அந்தக் கீறல் இப்போது வாகனத்தில் எங்கே உள்ளது என்பதைப் படத்துடன் தெரிவிக்கவும். பிடித்த 38,000 ரூபாவுக்கு கராஜ் பில்லையும் அனுப்பவும். ஏழு நாளுக்குள் பதில் இல்லாவிட்டால் முறைப்பாடு செய்வேன்."

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும், எடுத்த நேர விவரத்தையும் கழற்றிவிடும். இணைக்கும்போது போட்டோ என்று தராமல் டொகியூமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். மூலப் படம் உங்கள் போனிலேயே இருக்கட்டும்; அதை வெட்டவும் வேண்டாம், சிவப்பு வட்டம் போடவும் வேண்டாம். வட்டம் போட ஆசையாக இருந்தால் வேறொரு கொப்பியில் போடுங்கள்.

பில்லைக் கேட்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கீறல் மேல் வார்னிஷோடு நிற்கிறது, கறுப்புப் பிளாஸ்டிக் எங்கும் வெளியே தெரியவில்லை. நகத்தை குறுக்கே ஓட்டிப் பார்த்து நகம் சிக்காவிட்டால் அதற்கு கட்டிங் பொலிஷ் போதும், முழுப் பம்பருக்கும் பெயின்ட் தேவையில்லை. அந்த 38,000-இல் "வாகனம் நின்ற நாள் வாடகை" என்று ஏதாவது செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கராஜுக்கே போகாத வாகனம் எந்த நாள் நின்றது?

பதில் வராவிட்டால் மாவட்டச் செயலகத்தில் இருக்கிற நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். முதலில் விவரம் கேட்க 1977-க்கு அழைக்கலாம். 2003-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கச் சட்டத்தில் சேவையைப் பெற்று 3 மாதத்துக்குள் முறைப்பாடு செய்யவேண்டும் என்று இருக்கிறது, ஆறப்போடாதீர்கள். "இது உங்கள் இருவருக்கும் இடையிலான காசுப் பிணக்கு" என்று அங்கே சொன்னால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இந்த அளவு காசு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டுமென்றாலும் முதலில் அங்கேதான் போகவேண்டும். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரு பக்கத்தையும் இருத்திப் பேசவைப்பார்கள். ஒத்துவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அந்த மேசையில் பேப்பரையும் இரண்டு நாள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வலது கீறல் எங்கே என்ற அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கேள்வி: நான் எடுத்த படத்தில் கீறல் தெரியவே இல்லை. ஆனால் கீறல் அப்போதும் இருந்தது, கண்ணால் பார்த்த ஞாபகம். ஏன் படத்தில் விழவில்லை?
— களுவாஞ்சிக்குடி

பதில்: படத்தை நானும் பார்த்தேன். கார் முழுக்கத் தண்ணீர்த் துளி. இது என் பழைய வயிற்றெரிச்சல், ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

வாடகைக்குக் கொடுக்கிற ஆட்களில் கொஞ்சப் பேருக்கு ஒரு பழக்கம்: நீங்கள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் குழாயைத் திறந்து கார் கழுவுவார்கள். பார்க்க மரியாதை மாதிரி இருக்கும். கீறல் வெள்ளைக் கோடாகத் தெரிவது, அந்த இடம் சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் மேற்பரப்பு சமமாகிவிடும், கோடு மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்ப வரும். அதற்குள் நீங்கள் செங்கலடி தாண்டியிருப்பீர்கள். எல்லாரும் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நட்டம் எப்போதும் ஒரு பக்கத்துக்குத்தான் வருகிறது. நான் ஒரு மழை நாளில் பார்த்து வாங்கிய பழைய வான், வெயில் வந்த பிறகு கூரையில் இரண்டு நிறம் காட்டியது. விற்றவர் அதற்குப் பிறகு போன் எடுக்கவே இல்லை.

ஈரமாக இருந்தால் ஒரு துணி கேளுங்கள். துடைத்துக் காயும் வரை கையொப்பம் வைக்காதீர்கள். வெள்ளைக் காரை உச்சி வெயிலில் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லி, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் முடி அளவுக் கீறலும் எழும்பி வரும். தூரத்தில் நின்று நம்பர் தகடு தெரிய ஒன்று, பிறகு அதே இடத்தைக் கிட்டப் போய் ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது யாருடைய காரின் கீறலாகவும் இருக்கலாம். நாலு மூலைப் பம்பர், சக்கரத்தின் ரிம், பக்கக் கண்ணாடியின் வெளிப்புறம், கதவு விளிம்பு — காசு பிடிக்கிற இடங்கள் அநேகமாக இவைதான்.

உங்கள் விஷயத்தில் அந்தப் படம் உதவாது. பேப்பரில் புள்ளடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம், இல்லாவிட்டால் கை வெறுங்கை.

கேள்வி: திருப்பிக் கொடுத்த பிறகு எடுத்த படத்தின் திகதியை முந்தின நாளாக மாற்றி அனுப்பலாமா? கீறல் உண்மையிலேயே பழசுதானே.
— கல்முனை

பதில்: வேண்டாம், நானா. ஒரு படம் பொய் என்று தெரிந்தால் உண்மையான மற்றப் படங்களும் போகும்.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த என் அண்ணன் கிரெடிட் கார்டில் வாகனம் எடுத்தார். திரும்பிப் போன பிறகு கீறல் என்று கார்டில் காசு எடுத்திருக்கிறார்கள். அவரிடம் படம் எல்லாம் இருக்கிறது.
— ஆரையம்பதி

பதில்: முதலில் கம்பனிக்கு மின்னஞ்சலில் ஆட்சேபம் எழுதச் சொல்லுங்கள். பிறகு தன் வங்கியில் அந்த அறவீட்டுக்கு எதிராகத் தகராறு பதியட்டும். படம், படிவம், கம்பனிக்கு எழுதிய மின்னஞ்சல் மூன்றும் சேர்ந்து போகவேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, அடுத்த லீவில் வந்து பார்ப்போம் என்றால் முடியாது.

கேள்வி: கீறலுக்குக் காசு கட்டும் வரை என் அடையாள அட்டையைத் தரமாட்டோம் என்று வைத்திருக்கிறார்கள். காசு கட்டினால்தான் தீருமா?
— சம்மாந்துறை

பதில்: கட்டவேண்டாம். பொலிஸுக்குப் போய் அட்டையை இன்னார் தடுத்து வைத்திருக்கிறார் என்று முறைப்பாடு பதியுங்கள், இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கீறல் கதை வேறு, அட்டை வேறு. இரண்டையும் ஒரே பேச்சில் பேசாதீர்கள். அட்டை கைக்கு வந்த பிறகு கீறலுக்கு பில்லைக் கேளுங்கள்.