240 பேர் நம்பர் கொடுத்தாயிற்று, தோல் எடுக்கலாமா?

கேள்வி: அப்பா தாராவியில் பல வருடமாகத் தோல் பை தைக்கிறார், எல்லாம் மற்ற கடைகளின் பெயரில். இப்போது எங்கள் பெயரிலேயே லேப்டாப் பை கொண்டு வருகிறோம். லேண்டிங் பேஜ் போட்டு கவுன்ட்டவுனும் வைத்தேன். 240 பேர் வாட்ஸ்அப் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். 100 பைக்குத் தோல் எடுத்துவிடலாமா?
– வாசகர், மும்பை

பதில்: இப்போது வேண்டாம், தம்பி. நீங்கள் அனுப்பிய பேஜைப் பார்த்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் விலை எங்கேயும் இல்லை. பதிவு செய்பவர்களில் ஒருவருக்குப் பை இலவசம் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அந்த 240 பேரில் பைக்காக வந்தவர் யார், பரிசுக்காக வந்தவர் யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? நம்பர் கொடுக்க யாருக்கும் காசு செலவாவதில்லை.

முதலில் விலையையும் பை கைக்கு வரும் தேதியையும் பேஜில் போடுங்கள். பிறகு 240 பேருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: பை 2,800 ரூபாய், 300 ரூபாய் யுபிஐயில் முன்பணம், தோல் வெட்டுவதற்கு முன் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். முன்பணம் கட்டியவர்தான் வாங்குபவர். 26 பேர் கட்டினார்கள் என்று வையுங்கள். 30 பைக்குத் தோல் எடுங்கள், 100க்கு அல்ல. வெட்டும் நாள் வரை அந்த முன்பணத்தைத் தொடாதீர்கள், கேட்டால் அன்றே திருப்பித் தர வேண்டிய பணம் அது.

அடுத்து கவுன்ட்டவுன். என் போனில் மூன்று நாள் என்று ஓடியது. வீட்டில் இன்னொரு போனில் மறுநாள் திறந்தேன், அதிலும் சரியாக மூன்று நாள். பேஜைத் திறக்கும் நேரத்திலிருந்து அது எண்ணுகிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டால் போதும், நம்பிக்கை போய்விடும். இப்படிப் போலியாக அவசரப்படுத்துவதை 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் தடை செய்கின்றன. தோல் ஆர்டர் கொடுக்கும் நாளையே கடைசி நாளாக வைத்து, எல்லோருக்கும் ஒரே நேரமாக எழுதுங்கள்:

```js
const end = new Date("2026-02-15T21:00:00+05:30");
```

கடைசியில் உள்ள `+05:30` நம் நேரம். அதை விட்டுவிட்டால் துபாயில் இருப்பவருக்கு வேறு நேரத்தில் முடியும். பூஜ்யம் வந்ததும் முன்பணப் பட்டன் மறைந்து, அடுத்த முறைக்கான பதிவு மட்டும் தெரிய வேண்டும். அதன் பிறகு யார் கேட்டாலும் இந்தத் தொகுப்பில் சேர்க்காதீர்கள், தெரிந்தவராக இருந்தாலும் சரி.

அப்புறம், பணம் கட்டாதவர்களில் பத்துப் பேருக்குப் போன் செய்து காரணம் கேளுங்கள். விலையைச் சொல்வார்கள் என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு வேறொரு சந்தேகம்: 15.6 இன்ச் லேப்டாப் இந்தப் பைக்குள் போகுமா என்று உங்கள் பேஜில் எங்கேயும் எழுதவில்லை.