அடாப்டர் இரைகிறதா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: சுருதிப் பெட்டிக்குக் கும்பகோணத்தில் 9 வோல்ட் அடாப்டர் வாங்கினேன். பேட்டரியில் சுத்தமாக இருக்கிறது, அடாப்டரில் இரைச்சல். "கரண்ட்னா அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். (திருவாரூர்)

பதில்: அப்படியெல்லாம் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நாலு டயோடும் 50 ஹெர்ட்ஸ் அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுவதால் நொடிக்கு 100 மேடு வரும். அதில் 50 ஹெர்ட்ஸே இருக்காது. உச்ச அளவில் 64 சதவீதம் நேர்மின்சாரம், அதன்மேல் 100 ஹெர்ட்ஸ் 42 சதவீதம், 200 ஹெர்ட்ஸ் எட்டரை, 300 ஹெர்ட்ஸ் மூன்றரை. நீங்கள் கேட்பது இந்த 100-ஐயும் அதன் மடங்குகளையும்தான்.

கெபாசிட்டர் மேட்டின் உச்சியில் நிரம்பி, அடுத்த உச்சி வரும்வரை பெட்டிக்குக் கொடுத்துக்கொண்டே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இழுக்கும் ஆம்பியரை, ஃபாரட்டில் சொன்ன கெபாசிட்டர் அளவின் 100 மடங்கால் வகுக்க வேண்டும். பெட்டி 200 மில்லியாம்ப் இழுத்தால் 470-க்கு 4.3 வோல்ட். இது மேல்வரம்பு, நிஜத்தில் மூன்று சொச்சம். அதே இடத்தில் 2200 போட்டால் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மிஞ்சுவது ரம்பப்பல் வடிவ அலை. அதில் 100 ஹெர்ட்ஸ் அடங்குகிற விகிதத்தில் 200-ம் 300-ம் அடங்காது, அதனால்தான் கெபாசிட்டர் இருந்தும் காதைக் குடைகிறது.

பெட்டி ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அடாப்டர் முனையில் பாருங்கள், ஒரு வோல்ட் அளவு காட்டும். 2200 என்றால் கால் வோல்ட்தான். முதலில் ஒரு பேட்டரியில் வைத்து மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள், சில மலிவு மீட்டர்கள் நேர்மின்சாரத்துக்கும் ஏசி காட்டும். பில் இருக்கிறதல்லவா? கடையில் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: 22,000 போட்டுவிட்டால் இரைச்சலே போய்விடுமே? (மன்னார்குடி)

பதில்: கெபாசிட்டர் பெரிதாக ஆக, டயோடு உச்சியில் மட்டும் சில கணம் திறந்து மொத்தக் கரண்டையும் அந்த நேரத்துக்குள் தள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும், சுவிட்ச் போடும்போது டயோடு அடி வாங்கும். 2200, 25 வோல்ட் போதும். 16 வோல்ட் வாங்காதீர்கள், லோடு இல்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மர் எழுதியதைவிட அதிகம் கொடுக்கும், உச்சம் 16-ஐத் தாண்டிவிடக்கூடும்.

எனக்குத் தாங்காத ஒன்று, உறை மாற்றின கெபாசிட்டர். 4700 என்று அச்சிட்டு எனக்கு ஒரு கடையில் தந்தது மீட்டரில் ஆயிரத்தைத் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயர் முன்போலவே இரைந்தது, வேலைக்கூலியும் போச்சு. கைத்தொழில்காரன் காசைத் தின்கிற வேலை இது. அதே வோல்ட்டில், அதே அளவில் நல்ல கம்பெனிப் பொருளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதி உயரத்தில் இருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: பில் இல்லாமல் சந்தையில் மைக் செட் வாங்கினேன், லோடு கொடுத்துப் பார்க்கவில்லை, பணம் திரும்புமா? (பட்டுக்கோட்டை)

பதில்: பெரும்பாலும் திரும்பாது. ஓட்டிக் கேட்காமல் ஏன் ஐயா வாங்குகிறீர்கள்?

கேள்வி: இரண்டு வருடம் நன்றாக இருந்த ஆம்ப்ளிஃபயர், திடீரென்று தடித்த உறுமல். (மயிலாடுதுறை)

பதில்: உறுமல் முன்பைவிடக் கீழ்ச்சுருதியில் இருந்தால் ஒரு டயோடு திறந்துபோயிருக்கலாம், அப்போது 50 ஹெர்ட்ஸ் உள்ளே வரும், இடைவெளி இரட்டிப்பதால் இறக்கமும் ஏறக்குறைய இரட்டிக்கும். பிளக்கைக் கழற்றி, கெபாசிட்டரை வடித்துவிட்டு நாலு டயோடையும் சோதிக்கச் சொல்லுங்கள். சுருதி மாறாமல் மெல்ல மெல்லக் கூடியிருந்தால் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது, அதை மாற்றுங்கள்.